முப்பத்தோராம் திகதிக்குள் ஒரு பெயர்

மார்ச் மாத இறுதியில் ஸ்பிரிங்வெளிக்குப் போயிருந்தேன். பதுளை நகரிலிருந்து நமுனுகுல மலையை நோக்கி ஏறும் அந்தப் பாதையில் எனக்கு இன்னும் சில உறவுகள் எஞ்சியிருக்கின்றன. அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின்னர் என் சகோதரியின் மகன் மடித்து வைத்திருந்த தாளொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். பதுளையிலுள்ள தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறான். அந்நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

"மாமா, இதப் பாருங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள இன்னொரு பாரத்தையும் நிரப்பிக் குடுக்கணுமாம். யாரு பேர எழுதுறதுன்னு வீட்டுல ஒரே சண்டையா இருக்கு."

அது ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட ஒரு பக்கச் சுற்றறிக்கை. சாரம் இதுதான்: ஏப்ரல் 1ஆம் திகதி முதல் நிறுவனத்தின் ஊழியர் அனைவரும் குழு ஆயுள் காப்புறுதித் திட்டத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்படுகின்றனர், கட்டுப்பணம் முழுவதையும் நிறுவனமே செலுத்தும், ஊழியரொருவர் இறந்தால் இருபத்து நான்கு மாதச் சம்பளம் வழங்கப்படும், பின்னுரித்தாளியின் பெயரை எழுதும் படிவத்தை மார்ச் 31ஆம் திகதிக்கு முன்னர் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்கத் தவறுவோர் திட்டத்தின் நன்மைகளுக்கு உரித்துடையவராகார். அறிவித்தல் ஒட்டப்பட்ட நாள் மார்ச் 24.

நல்ல காரியமொன்றைச் செய்ய முனைந்த நிறுவனம் அதனை எவ்வளவு மோசமாக அறிவிக்க முடியும் என்பதற்கு அந்த ஒரு பக்கம் போதும். இப்படிச் சொல்வது நிறுவனத்தைப் பழிப்பதற்காக அன்று. இத்தகைய அறிவித்தல்கள் கொழும்பிலும் கோயம்புத்தூரிலும் துபாயிலும் நாள்தோறும் ஒட்டப்படுகின்றன. அவற்றை வாசிக்கும் நம்மவரிற் பலர் திகதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு பெயரை எழுதிக் கையொப்பமிட்டு விடுகின்றனர். அந்தப் பெயர் எதற்காக, அந்தத் திகதி எதற்காக, அந்தத் தொகை எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைப்பது அரிது.

முதலில், கட்டாயம் என்ற சொல்லைப் பார்ப்போம். அன்றிரவு அந்தச் சொல்தான் வீட்டாரை மிரட்டியது. சம்பளத்திற் கழிக்காமல் எவன் கட்டாயப்படுத்துவான் என்று என் மைத்துனர் கேட்டார். தோட்டத்துச் சம்பளச் சீட்டில் கழிப்புகளின் வரிசையைப் பார்த்தே வாழ்ந்தவரின் ஐயம் அது, தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் இங்கே கட்டாயத்துக்குக் காரணம் வேறு.

குழு ஆயுள் காப்புறுதி என்பது ஒரே பத்திரம். அதன் உரிமையாளர் நிறுவனம். ஊழியர்களின் பெயர், பிறந்த திகதி, சம்பளம் ஆகியவை அடங்கிய பட்டியலொன்று பத்திரத்துடன் இணைக்கப்படும். காப்பு ஓராண்டுக்குரியது, ஆண்டு முடிய மீண்டும் கட்டுப்பணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். இதிற் சேமிப்பு எதுவுமில்லை. ஆண்டு முழுவதும் எவரும் இறக்காவிட்டால் எவருக்கும் எதுவும் திரும்பி வராது. இத்தகைய காப்பை விரும்பியவர் மட்டும் சேரலாம் என்று விட்டுவிட்டால் என்ன நடக்கும்? நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர் முதலிற் சேருவார்; திடகாத்திரமான இளைஞர் பிறகு பார்க்கலாம் என்பார். காப்புறுதி நிறுவனம் இதனை அறியும். ஆகவே ஒவ்வொருவரையும் வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தும். நோயுள்ளவரை விலக்கும், அல்லது அவருக்கான கட்டுப்பணத்தைக் கூட்டும். எல்லாரும் சேருவது நிச்சயம் என்றால் அந்த அச்சம் இல்லை. குறித்த ஓர் உச்ச வரம்பு வரை எந்தப் பரிசோதனையும் கேள்வியும் இன்றிக் காப்பு வழங்குவர். பெரும் சம்பளக்காரர் ஒரு சிலரின் தொகை அவ்வரம்பைத் தாண்டும்போது மட்டும் பரிசோதனை கேட்பர்.

கட்டாயத்தினால் உண்மையில் இலாபம் அடைபவர் வேறெந்தக் காப்புறுதி முகவரும் திரும்பிப் பார்க்காத நோயாளி ஊழியரே. இதனை இரண்டு வரிகளில் அறிவித்தலில் எழுதியிருந்தால் என் மைத்துனரின் கேள்விக்கே இடமிருந்திராது.

அடுத்தது, "ஊழியர் அனைவரும்" என்ற சொற்றொடர். ஆங்கில மூலத்தில் இருந்தது 'ஸ்டாஃப்' என்ற சொல். கொழும்பில் அச்சொல் எல்லா ஊழியரையும் குறிக்கலாம். தேயிலைத் தோட்டத்து நாக்கில் 'ஸ்டாப்' என்றால் கிளாக்கரும் வெளிக்கள உத்தியோகத்தரும் தொழிற்சாலை உத்தியோகத்தரும் மாத்திரமே. மலையில் கொழுந்தெடுப்பவரும் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுபவரும் தொழிலாளர். அவர்கள் 'ஸ்டாப்' அல்லர். மருமகனின் நிறுவனத்தில் பாரம் ஏற்றி இறக்குவோர், துப்புரவு செய்வோர், வாகன உதவியாளர் எனப் பலர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகின்றனர். அவர்களிற் பலர் அறிவித்தலின் முதல் வரியையே பார்த்துவிட்டு, இது நமக்கல்ல என்று நகர்ந்துவிட்டனராம். படிவத்தைக் கேட்டு வாங்கவே இல்லை. எவரெவர் உள்ளடக்கம், நிரந்தர ஊழியர் மட்டுமா, நாட்சம்பளக்காரரும் உண்டா, தகுதிகாண் காலத்தில் இருப்பவரும் உண்டா என்பதைப் பதவிப் பெயர்களுடன் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவது இந்த மண்ணில் மிக அவசியம்.

இனி, தொகைக்கு வருவோம். இருபத்து நான்கு மாதச் சம்பளம் என்பது கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. எந்தச் சம்பளம்? மருமகனின் அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா என்றும் படிகள் 15,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளத்தின்படி கணக்கிட்டால் 9 இலட்சத்து 60 ஆயிரம். கைக்கு வரும் மொத்தச் சம்பளத்தின்படி கணக்கிட்டால் 13 இலட்சத்து 20 ஆயிரம். இரண்டுக்கும் இடையே 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா வித்தியாசம். அறிவித்தலில் இது பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாட்கூலிக்கு வருபவருக்கு மாதச் சம்பளம் என்பதே மாதத்துக்கு மாதம் மாறும். அவருக்கு எந்த மாதத்தை எடுப்பது, மழையில் பதினைந்து நாள் மட்டும் வேலை கிடைத்த மாதத்தையா? இத்தகையோருக்கு மடங்குக் கணக்கைவிட எல்லாருக்கும் ஒரே நிலையான தொகை என்பதே நேர்மையானது. குறைந்தபட்சம் ஒவ்வொருவரின் படிவத்திலும் அவரவருக்குரிய தொகையை ரூபாவில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

இத்தொகை வேறெதற்கும் பதிலீடு அன்று என்பதும் சொல்லப்பட வேண்டும். நம் நாட்டில் தனியார் துறை ஊழியர் ஒருவர் இறந்தால் சட்டப்படி குடும்பத்துக்கு வர வேண்டியவை தனியாக உள்ளன. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியரிடமிருந்து 8 சதவீதமும் தொழில் வழங்குநரிடமிருந்து 12 சதவீதமும் சேரும் ஊழியர் சேமலாப நிதி முதலாவது. 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் வழங்குநர் மட்டும் 3 சதவீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியம் இரண்டாவது. அதன் உறுப்பினருக்குச் சிறியதொரு ஆயுள் காப்பும் அதிலேயே அடங்கியுள்ளது. பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனங்களில் ஐந்து ஆண்டுகளேனும் பணியாற்றியவருக்கு 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் மூன்றாவது. மாதச் சம்பளக்காரருக்கு ஓராண்டுச் சேவைக்கு அரை மாதச் சம்பளம். ஊழியர் இறந்தால் அது அவரின் வாரிசுகளைச் சேரும். பன்னிரண்டு ஆண்டு பணியாற்றிய ஒருவருக்கு, 40,000 ரூபாவின் அரைவாசியான 20,000த்தைப் பன்னிரண்டால் பெருக்கினால், 2 இலட்சத்து 40 ஆயிரம். குழுக் காப்புறுதிப் பணம் வந்துவிட்டதே, பணிக்கொடை எதற்கு என்று எந்த நிறுவனமும் கேட்க முடியாது. ஆனால் இவ்விரண்டையும் ஒரே காசோலையாகக் கண்டு அதுவே பெரிது என்று திரும்பிய விதவைகள் உண்டு. ஆகையால் இந்த வாக்கியம் அறிவித்தலில் இடம்பெற வேண்டும்.

வேலைத்தலத்தில் நேரும் விபத்துக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் எல்லையை ஊவாவில் வாழ்வோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்மேடு சரிந்து லயங்களைப் புதைத்தது. அன்று மாண்டவர்கள் தங்கள் குடியிருப்பிலே புதையுண்டவர்கள். தோட்டம் கொடுத்த வீடுதான்; ஆனாலும் வேலையின் நிமித்தம், வேலை நேரத்தில் நேர்ந்த விபத்து என்ற சட்ட வரையறைக்குள் அத்தகைய சாவு வந்து பொருந்துவது கடினம். ஆயுள் காப்புறுதியின் பெறுமதி இங்கேதான் விளங்கும். அது சாவு எங்கே நேர்ந்தது, எப்போது நேர்ந்தது என்று கேட்பதில்லை. மாரடைப்பு, புற்றுநோய், மண்சரிவு, வீதி விபத்து எதுவாயினும் பத்திரத்தில் வெளிப்படையாக விலக்கப்படாத எல்லாச் சாவுக்கும் அது பணம் கொடுக்கும். விலக்கப்பட்டவை எவை என்பதை நிறுவனம் பத்திரத்தைப் பார்த்து ஊழியருக்குச் சொல்ல வேண்டும்.

கடலுக்கு அப்பால் இதே காரியம் எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்கலாம். 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின்னர் பதுளைத் தோட்டங்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் இன்று நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை பறிக்கின்றனர். என் மைத்துனரின் ஒன்றுவிட்ட சகோதரர் குடும்பமும் அங்கேதான். இந்தியாவில் வருங்கால வைப்பு நிதியில் உள்ள ஒவ்வொரு தொழிலாளியும் 1976ஆம் ஆண்டுத் திட்டமொன்றின்படி தாமாகவே ஆயுள் காப்புக்குள் வந்துவிடுகிறார். வைப்பு நிதியுடன் இணைந்த காப்பீட்டுத் திட்டம் என்று அதற்குப் பெயர். தொழிலாளி ஒரு காசும் கட்டுவதில்லை. முதலாளி சம்பளத்தின் அரை சதவீதத்தைச் செலுத்துகிறார். இந்தக் கணக்குக்குச் சம்பளத்தின் உச்ச வரம்பு 15,000 இந்திய ரூபா.

2021ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட அளவின்படி கணக்கு இப்படி வரும். கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரிச் சம்பளத்தை முப்பத்தைந்தால் பெருக்க வேண்டும். வைப்பு நிதியில் அக்காலத்துச் சராசரி இருப்பின் பாதியை, ஒன்றே முக்கால் இலட்சத்துக்கு மேற்படாமல், அதனுடன் கூட்ட வேண்டும். சம்பளம் 12,000, சராசரி இருப்பு 2 இலட்சம் என்றால், 4 இலட்சத்து 20 ஆயிரமும் 1 இலட்சமுமாக மொத்தம் 5 இலட்சத்து 20 ஆயிரம் இந்திய ரூபா. மொத்தத்தின் உச்சம் 7 இலட்சம். இதற்காக முதலாளி கட்டுவது மாதம் 60 ரூபா. கூடலூரில் இறக்கும் கொழுந்துக்காரிக்குச் சட்டம் தருவதை ஸ்பிரிங்வெளியில் அவளின் தங்கைக்கு ஒரு நிறுவனத்தின் நல்ல மனது தந்தால்தான் உண்டு. இந்த நிலையில், அந்த நல்ல மனது புரியாத மொழியிலும் மிரட்டும் தொனியிலும் வந்து சேருவதைத்தான் நான் பொறுக்க முடியாதென்கிறேன்.

இனிப் படிவமும் திகதியும்.

மறுநாட் காலை நான் மருமகனின் அலுவலகத்துக்குத் தொலைபேசியிற் பேசினேன். மனிதவளப் பிரிவில் இருந்த பெண்மணி மிகுந்த பொறுமையுடன் பதிலளித்தார். படிவம் கொடுக்காதவருக்குக் காப்பு இல்லை என்பது காப்புறுதி நிறுவனத்தின் நிபந்தனையா என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "இல்லை ஐயா, நாங்கள் அனுப்பும் பட்டியலில் பெயர் இருந்தால் முதலாம் திகதியிலிருந்து காப்பு உண்டு. அப்படி எழுதாவிட்டால் எவரும் படிவத்தைத் தருவதில்லை" என்றார்.

அவருடைய சிரமம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அது உண்மையல்லாத வாக்கியம். அதன் விளைவைப் பாருங்கள். படிவம் கொடுக்கத் தவறிய ஒரு பாரம் தூக்கும் தொழிலாளி மே மாதத்தில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மனைவி அந்த அறிவித்தலை நம்பினால் உரிமைக் கோரிக்கையே செய்ய மாட்டார். அவருக்குரிய பணம் கோரப்படாமலே போகும். படிவம் இல்லாவிட்டாற் காப்பு அழிவதில்லை. பணத்தை எவரிடம் கொடுப்பது என்ற கேள்விதான் எழும். பத்திரத்தின் நிபந்தனைப்படி அது சட்டபூர்வ வாரிசுகளுக்கோ நிறுவனத்தின் ஊடாகவோ செல்லும். சான்றுகளைத் தேடி மாதக்கணக்கில் அலைய நேரும். திகதியின் உண்மையான நோக்கம் அந்த அலைச்சலைத் தவிர்ப்பதே. அதை அப்படியே எழுதினால் மக்கள் படிவத்தைத் தருவார்கள்.

இதற்கு நேர்மாறான இன்னொருவரும் அதே நிறுவனத்தில் இருந்தார். முதுகெலும்புச் சிகிச்சைக்காக மார்ச் தொடக்கத்திலிருந்து வைத்தியசாலை விடுமுறையில் இருந்த சாரதி ஒருவர். அவருடைய மனைவி படிவத்தைத் திகதிக்கு முன்னரே கொண்டுவந்து கொடுத்து, கையொப்பமும் வாங்கிச் சென்றாராம். குழுக் காப்புறுதிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை உண்டு: காப்புத் தொடங்கும் நாளில் ஊழியர் உண்மையாகவே வேலையில் இருக்க வேண்டும். நோய் விடுமுறையில் இருப்பவருக்கு அவர் வேலைக்குத் திரும்பும் நாளிலிருந்தே காப்புத் தொடங்கும். பரிசோதனையின்றி எல்லாரையும் ஏற்பதற்குக் காப்புறுதி நிறுவனம் வைத்துக்கொள்ளும் ஒரே வேலி இது. அந்த நிபந்தனை இந்தப் பத்திரத்திலும் இருந்தது. சாரதி ஏப்ரல் மூன்றாம் வாரம் வேலைக்குத் திரும்பினார். அதுவரை அவருடைய வீட்டார் காப்பு இருக்கிறது என்று நம்பியிருந்தனர், காப்பு இருக்கவில்லை.

படிவம் கொடுக்காதவருக்குக் காப்பு இருந்தது. படிவம் கொடுத்தவருக்குக் காப்பு இருக்கவில்லை. அறிவித்தல் இரண்டையும் தலைகீழாகச் சொன்னது. எழுதியவர் பொய் சொல்ல வேண்டுமென்று நினைத்தவரல்லர். காப்புத் தொடங்கும் திகதியையும் படிவத்துக்குரிய திகதியையும் ஒன்றாகக் குழப்பியவர், அவ்வளவே.

படிவத்தை நிரப்புவதில் மலையகத்துக்கே உரிய சிக்கல்களும் உள்ளன. முதலாவது பெயர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல், செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய பெயர், வீட்டில் அழைக்கும் பெயர் என்று ஒருவருக்கே நான்கு பெயர். மனைவியை 'செல்லம்மா' என்று கணவர் படிவத்தில் எழுதுவார். அடையாள அட்டையில் அவர் 'செல்லாயி'யாக இருப்பார். சேமலாப நிதியைப் பெறுவதற்கு இதே காரணத்தால் கச்சேரிக்கும் தொழில் திணைக்களத்துக்கும் நடந்தவர்களை நம்மில் அறியாதவர் எவர்? ஆகவே படிவத்தில் எழுத வேண்டிய பெயர் அடையாள அட்டையில் உள்ளதே; அட்டை இலக்கத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் எழுத்துப் பிழையால் வரும் தகராறு பெரும்பாலும் தீரும்.

இரண்டாவது, பழைய பெயர். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது தாயின் பெயரை எழுதியவர், மணமுடித்து மூன்று பிள்ளை பெற்ற பின்னரும் அதை மாற்றுவதில்லை. இந்தியாவின் வைப்பு நிதி விதியில் இதற்கொரு காவல் உண்டு: குடும்பம் இல்லாத காலத்தில் எழுதிய நியமனம், குடும்பம் அமைந்ததும் செல்லாததாகி விடுகிறது, புதிதாக எழுத வேண்டும். மருமகனின் படிவத்தில் அப்படியொரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கவில்லை. ஆகவே கலியாணம், பிள்ளைப் பேறு, பின்னுரித்தாளியின் மரணம், மணமுறிவு ஆகிய நான்கும் நேரும்போது படிவத்தை மாற்றுவது ஊழியரின் பொறுப்பாகிறது. ஆண்டுதோறும் காப்புப் புதுப்பிக்கப்படும் மாதத்தில் நீங்கள் எழுதியிருப்பது இந்தப் பெயர்தான், மாற்ற வேண்டுமா என்று நிறுவனம் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பலாம். அதற்குச் செலவு ஒரு தாள்.

மூன்றாவது, பிள்ளைகள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைப் பின்னுரித்தாளியாக எழுதுவதில் தவறில்லை. ஆனால் அப்பிள்ளைக்காகப் பணத்தைப் பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவரின் பெயரையும் எழுத வேண்டும். இல்லாவிட்டாற் பணம் தடைப்படும். ஒருவருக்கு மேற்பட்டவரை எழுதினால் ஒவ்வொருவருக்கும் எத்தனை வீதம் என்று குறிக்க வேண்டும். கூட்டினால் நூறு வர வேண்டும். தாய்க்கும் மனைவிக்கும் இடையே அன்றிரவு நடந்த சண்டையும் இங்கேதான் தீர்ந்தது. மருமகன் மனைவிக்கு எழுபது, தாய்க்கு முப்பது என்று எழுதினான். இப்படிப் பிரிக்கலாம் என்று அறிவித்தலில் ஒரு சொல் இருந்திருந்தால், அந்த வீட்டில் இரண்டு நாள் பேச்சு நின்றிருக்காது.

நான் அறிவித்தலை எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று அந்தப் பெண்மணி கேட்டார். நாற்பது ஆண்டுக்கு அருகாகச் செய்தி எழுதியவனுக்கு அது பெரிய வேலையன்று. எழுதி அனுப்பினேன். வாசகர்களில் எவரேனும் இத்தகைய அறிவித்தலை எழுதும் இடத்தில் இருந்தால், எடுத்துக்கொள்ளலாம்:

"நிறுவனத்தில் நிரந்தரமாகவும் தகுதிகாண் காலத்திலும் நாட்சம்பளத்துக்கும் வேலை செய்யும் எல்லாரும், சாரதிகள், பாரம் தூக்குவோர், துப்புரவுப் பணியாளர் உட்பட, ஏப்ரல் 1 முதல் ஆயுள் காப்புறுதி பெறுகின்றனர். உங்கள் சம்பளத்தில் எதுவும் கழிக்கப்படாது. எல்லாரும் சேருவதனாலேயே வைத்தியப் பரிசோதனை கேட்கப்படவில்லை. ஏப்ரல் 1 அன்று நோய் விடுமுறையில் இருப்போருக்கு, வேலைக்குத் திரும்பும் நாளிலிருந்து காப்புத் தொடங்கும். நீங்கள் வேலையில் இருக்கும் காலத்தில், எங்கே, எக்காரணத்தால் இறந்தாலும், பத்திரம் விலக்கியவை நீங்கலாக, உங்கள் அடிப்படைச் சம்பளத்தின் இருபத்து நான்கு மடங்கு உங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கும். உங்களுக்குரிய தொகை ரூபாவில் படிவத்தின் மேல் எழுதப்பட்டுள்ளது. விலக்கப்பட்டவை அதன் பின்புறத்தில் உள்ளன. சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம், பணிக்கொடை ஆகியன இதற்கு மேலதிகமானவை. வேலையை விட்டு நீங்கும் நாளில் காப்பு முடிவடையும். பணம் எதுவும் திரும்பக் கிடையாது.

பணத்தை யாரிடம் கொடுப்பது என்று நீங்கள் சொல்வதற்காகவே இப்படிவம். ஏப்ரல் 30க்கு முன்னர் தாருங்கள். தராவிட்டாலும் உங்களுக்குக் காப்பு உண்டு. ஆனால் உங்கள் குடும்பம் வாரிசுச் சான்றுகளைத் தேடி அலைய நேரும். பெயரை அடையாள அட்டையில் உள்ளவாறு எழுதுங்கள். ஒருவருக்கு மேற்பட்டவரையும் எழுதலாம். எப்போதும் மாற்றலாம். நிறுவனத்தின் முத்திரையிட்ட பிரதியொன்றைப் பெற்று, அதனை வீட்டிலுள்ளவருக்குக் காட்டுங்கள்."

இறுதி வாக்கியத்தை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். பின்னுரித்தாளிக்குத் தெரியாத காப்புறுதி பாதிக் காப்புறுதியே. ஊழியர் இறந்த பின்னர் மரண அத்தாட்சிப் பத்திரம், இருவரது அடையாள அட்டைகள், நிறுவனம் நிரப்பும் கோரிக்கைப் படிவம், திடீர்ச் சாவாயின் மரண விசாரணை அறிக்கை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டியவர் அவரே. சாவை அறிவிப்பதற்குப் பத்திரத்தில் ஒரு கால எல்லையும் இருக்கும். அந்த எல்லை எத்தனை நாள் என்பது நிறுவனத்தின் இரும்பு அலுமாரியில் இருக்கும் பத்திரத்தில் மட்டும் இருந்தால் யாருக்கு என்ன பயன்?

நான் அனுப்பியதில் ஏறக்குறைய முழுவதையும், தமிழிலும் சிங்களத்திலும் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒட்டியதாக மருமகன் சொன்னான். முதல் அறிவித்தலின்போது படிவம் வாங்காமற் போன பாரம் தூக்குவோர் இம்முறை வரிசையில் நின்றனராம். வேலையை விட்டு நீங்கும் நாளில் காப்பு முடிவடையும் என்ற வாக்கியம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. அதை வாசித்தால் ஊழியர் மனம் தளர்வார்கள் என்று மேலிடம் கருதியதாம்.

அந்த வாக்கியத்தையும் சேர்க்குமாறு மீண்டும் எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் ஒருவர் இறந்த பின்னர், பழைய படிவத்தின் பிரதியுடன் ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ் ஏறி வரும் மனைவிக்கு, உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா என்று அந்தப் பெண்மணி மேசைக்கு அப்பாலிருந்து சொல்ல நேரக்கூடாது. அதை இன்றே சுவரில் எழுதிவிடலாம்.